பன்னிரண்டாயிரம், ஐந்து பேர்: ஒரு தீபாவளித் துணிக் கணக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோம். அப்பா தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரர். அம்மா வீட்டில் இருக்கிறார். அப்பாவின் தாய்க்கு வயது 68. மகள் பத்தாம் வகுப்பு, மகனுக்கு எட்டு வயது. 2026-ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பட்டாசும் பலகாரமும் தனிக் கணக்கு. துணிக்கு மட்டும் ரூ.12,000. ஒரு ரூபாய் கூடினாலும் கடன்தான்.

இந்தத் தொகை ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. ரூ.5,000 அக்டோபர் முதல் தேதிச் சம்பளத்தில் எடுத்து வைப்பது. மீதி ரூ.7,000 போனஸில் வர வேண்டியது. அது அக்டோபர் கடைசி வாரம் வரும். பெரும்பாலான வீடுகளில் துணிக் கணக்கு உதைப்பது இந்த இடைவெளியில்தான். போனஸ் வந்த பிறகு மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அதற்குள் தையல்காரர் ஆர்டரை நிறுத்தியிருப்பார். சேலை இருக்கும், பிளவுஸ் இருக்காது.

கீழே வரும் விலைகள் நடுத்தரக் கடையை மனதில் வைத்துப் போட்டவை. தையல்கூலி தெருவுக்குத் தெரு மாறும். அவரவர் தெரு விலையைப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு ஓடும் வழி மாறாது.

ஐந்தால் வகுத்தால் வராது

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது தலைக்கு ரூ.2,400. இதில் இரண்டு தவறு இருக்கிறது.

ஒன்று, 12,000 முழுவதும் ஐந்து பேருக்குப் போவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு வருஷா வருஷம் ஒரு சேலை கொடுக்கும் பழக்கம் உண்டு, அதற்கு ரூ.600. கடைக்குப் போய்வரும் பஸ்ஸுக்கும் டீ, சாப்பாட்டுக்கும் ரூ.500. கணக்கு பிசகினால் தாங்கிக்கொள்ள ரூ.700 கையிருப்பு. இந்த ரூ.1,800-ஐ முதலிலேயே தனிக் கவரில் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் கடைசி நாளில் யாராவது ஒருவர் துணியிலிருந்து பிய்த்துக் கொடுக்க வேண்டிவரும். அந்த ஒருவர் அநேகமாக அம்மாவாகத்தான் இருப்பார். ஆக, ஐந்து பேருக்கு மிஞ்சுவது ரூ.10,200.

இரண்டாவது தவறு, ஒரே தொகைக்கு ஒவ்வொருவர் விஷயத்திலும் ஒவ்வொரு மதிப்பு. எட்டு வயதுப் பையனுக்கு ரூ.2,400-க்கு எடுத்தால் அடுத்த தீபாவளிக்கு அது அவனுக்கு ஏறாது. பாட்டியின் நல்ல கைத்தறிச் சேலை பல வருஷம் உழைக்கும். அப்பா பண்டிகை முடிந்து மறுநாளே அந்தச் சட்டையை வேலைக்குப் போட்டுப் போவார். மகளோ ஐந்து நாள் யூனிபார்மில் இருப்பவள். விசேஷத்துக்குப் போட மட்டும்தான் துணி தேவை, ஆனால் போன வருஷத்து உடை ஒன்றுகூட இப்போது சேராது. அதனால் தலைக்கு எவ்வளவு என்று தொடங்காமல், யாரிடம் என்ன இல்லை என்று தொடங்குவதே சரி.

அதற்கு ஒரு மாலைப் பொழுது பீரோவைத் திறந்து உட்கார வேண்டும். மகளைப் போன வருஷச் சுடிதாரைப் போடச் சொல்லிப் பார்த்தால் மார்பில் இழுக்கிறது, பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. மகனுக்கு இரண்டு சட்டை அக்குளில் பிடிக்கிறது. அம்மாவிடம் ஏழெட்டு நல்ல சேலை இருந்தும், அவற்றில் மூன்றுக்குத்தான் சேரும் பிளவுஸ் இருக்கிறது. பாட்டியிடம் இருப்பதெல்லாம் சின்தெடிக். உட்கார்ந்து எழுந்தால் கொசுவம் சரிகிறது என்று அவரே சொல்கிறார். அப்பாவிடம் கல்யாணங்களில் வந்த வேட்டி நான்கு மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. அவருக்கு வேட்டி எடுக்கும் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

அப்பா வழக்கம்போல, “எனக்கு எதுவும் வேணாம், புள்ளைங்களுக்கு எடுங்க” என்பார். இதை நம்பி அவருக்குச் சுழியம் போடக் கூடாது. தீபாவளிக்கு முந்தின நாள் பாட்டி, “ஏன்டா, நல்ல நாளும் அதுவுமா பழசையா போட்டுக்குவ?” என்று ஆரம்பிப்பார். இரவு ஒன்பது மணிக்குக் கூட்டத்தில் போய், அளவில் மிச்சம் இருப்பதில் எது கிடைக்கிறதோ அதை ரூ.1,500 கொடுத்து வாங்கி வருவார்கள். அவருக்கு முன்கூட்டியே ரூ.1,300 போட்டு வைப்பது அந்த இரவை மிச்சப்படுத்தும்.

உடுத்தும் விலை

கணக்கில் ஏற வேண்டியது டேக்கில் உள்ள விலை அல்ல, உடுத்தத் தயாராகும்போது ஆகியிருக்கும் விலை. இந்த இரண்டும் அதிகமாக விலகி நிற்பது சேலையில்.

அம்மாவுக்கு ரூ.1,400-க்கு ஒரு சேலை என்று வைத்துக்கொள்வோம். ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க ரூ.150. பிளவுஸ் லைனிங் துணி ஒரு மீட்டர் ரூ.60. லைனிங் வைத்துத் தைக்க ரூ.450. மொத்தம் ரூ.2,060. நிறத்துக்குச் சேரும் உள்பாவாடை இல்லையென்றால் அது இன்னும் ரூ.220. ஆயிரத்து நானூறு என்று நினைத்து எடுத்தது இரண்டாயிரத்து இருநூற்றெண்பதில் வந்து நிற்கிறது. சேலையோடு பிளவுஸ் துணி வந்தும் இந்தக் கதை. அது வராத சேலை என்றால் துணிக்கும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மகளுக்குச் சுடிதார் மெட்டீரியல் ரூ.1,100, லைனிங் இரண்டு மீட்டர் ரூ.120, தையல் ரூ.500, ஆக ரூ.1,720. இதோடு ஒரு ரெடிமேட் குர்த்தியும் லெகிங்ஸும் ரூ.950. மகள் பங்கு ரூ.2,670.

பாட்டிக்குக் கைத்தறிப் பருத்திச் சேலை. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்குத் தரும் 30 சதவீதத் தள்ளுபடியில் ரூ.1,500 சேலை ரூ.1,050-க்கு வரும். அவர் போடுவது லைனிங் இல்லாத சாதா பிளவுஸ், தையல் ரூ.200. ஃபால்ஸ் அவருக்கு வேண்டாம். கனமாக இருக்கிறது என்பார். ஆக ரூ.1,250.

மகனுக்குப் பண்டிகைக்கு ஒரு பேன்ட் சட்டை ரூ.1,100, சாதாவாகப் போட டீ-ஷர்ட்டும் டவுசரும் ரூ.350, ஆக ரூ.1,450. அப்பாவுக்கு வேலைக்கும் போடும்படியான ரெடிமேட் சட்டை ரூ.950, குறிஞ்சிப்பாடி லுங்கி ஒன்று ரூ.350, ஆக ரூ.1,300.

கடைசியாக, எந்த வீட்டுக் கணக்கிலும் முதலில் விட்டுப்போகும் உள்துணி. அம்மாவுக்கும் பாட்டிக்கும் உள்பாவாடை ரூ.420, மகளுக்கு ரூ.450, அப்பாவுக்கும் மகனுக்கும் பனியன், ஜட்டி ரூ.600, ஆக ரூ.1,470. இதைத் தனி வரியாக எழுதாதவர்கள் கடைசிக் கடையில் பில் போடும்போதுதான் ஆயிரத்து ஐந்நூறு எங்கே போயிற்று என்று தேடுவார்கள்.

கூட்டிப் பார்த்தால் 2,670 + 2,060 + 1,250 + 1,450 + 1,300 + 1,470 = 10,200. முதலில் கவரில் போட்ட 1,800-ஐயும் சேர்த்தால் 12,000.

மகள் பங்கு மகன் பங்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது சண்டையாக வருமா என்றால், வராது. எட்டு வயதுப் பிள்ளைக்கு விலை தெரியாது, எண்ணிக்கை தெரியும். “அக்காவுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா?” என்பதுதான் அவன் கேள்வியாக இருக்கும். அதனால்தான் அவனுக்கும் இரண்டு என்று வைத்திருக்கிறது. அந்த இரண்டாவது ரூ.350-க்கு முடிகிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எண்ணிக்கை பெரிதில்லை, எது என்பதுதான் பெரிது. ஒரு கடையில் ரூ.3,200 அனார்கலியைப் பார்த்து வைத்திருப்பாள். அவளிடம் முடியாது என்பதைவிட, “உன் பங்கு ரெண்டாயிரத்து அறுநூத்து எழுபது. அதுக்குள்ள ஒண்ணா எடுத்தாலும் சரி, ரெண்டா எடுத்தாலும் சரி” என்று தொகையை அவள் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

அந்த அனார்கலியைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு உருப்படி ரூ.2,500 வரை உள்ள ரெடிமேட் உடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். வரி சேர்த்து ரூ.3,200 என்று டேக் இருந்தால், அதில் ஏறக்குறைய ரூ.490 வரி. ரூ.2,500 டேக்கில் ரூ.120-க்குள்தான். கோட்டைக் கொஞ்சம் தாண்டி நிற்கும் உடைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் துணிக்குப் போவதைவிட வரிக்குப் போவது அதிகம். இதைக் கேட்டபின் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு உடைப் பக்கம் வந்துவிடுவார்கள். இந்தக் கணக்கிலும் மகள் அப்படியே வருவதாக வைத்துக்கொள்கிறோம்.

ஆயுத பூஜை என்ற கெடு

யாருக்கு முதலில் எடுப்பது என்பதை வயது தீர்மானிக்க வேண்டாம், தையல் தீர்மானிக்கட்டும். ஆயுத பூஜை வளர்பிறை நவமியில், தீபாவளி தேய்பிறைச் சதுர்த்தசியில். அதனால் எந்த வருஷமும் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இருபது நாள். தெருத் தையல்காரர் மெஷினுக்குப் பொட்டு வைத்து முடித்ததும் ஆர்டரைக் குறைக்கத் தொடங்குவார். அதற்குப் பிறகு கொடுத்தால் வாங்க மாட்டார்; பழக்கத்துக்காக வாங்கினாலும் கடைசியில் அவசர அவசரமாகத் தைத்துத் தருவார். அதனால் ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறான அக்டோபர் 18-க்குள் தைக்க வேண்டியதெல்லாம் அவர் கைக்குப் போயிருக்க வேண்டும்.

முதல் ஐயாயிரம் முழுவதும் இதற்கே. மகளின் மெட்டீரியலும் லைனிங்கும் ரூ.1,220. அம்மாவின் சேலையும் லைனிங்கும் ரூ.1,460. பாட்டியின் சேலை ரூ.1,050. தையல்கூலியில் முன்பணம் மூன்று பேருக்கும் சேர்த்து ரூ.550. புதுச்சேரி போய்வர ரூ.250. மொத்தம் ரூ.4,530. போனஸ் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் இந்த மூன்று பேரின் துணி நிற்காது. ரெடிமேடும் உள்துணியும் லுங்கியும் போனஸுக்குக் காத்திருக்கலாம்.

கடையில்

பாட்டியின் சேலை கடலூரிலேயே முடிந்துவிடும். அவரையும் கூட்டிப்போக வேண்டும்; பெரியவர்களுக்குத் துணியைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். கஞ்சி மொடமொடப்பில் ஏமாறாமல், முந்தானை முனையை உள்ளங்கையில் கசக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கஞ்சி போன பிறகும் நெருக்கமாக நிற்கும் நெசவா, சல்லடையாகிவிடுமா என்பது வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். நிறத்தைப் பிள்ளைகளே முடிவு செய்துவிடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது: தாத்தா இல்லை என்றால் பாட்டிக்கு வெளிர் நிறம், சின்னக் கரை. அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அரக்குக் கரை போட்ட சேலையைக் கையில் எடுத்துவிட்டு மெதுவாகத் திரும்ப வைக்கிறவர்கள் நிறையப் பேர்.

அம்மாவின் சேலைக்கும் மகளின் மெட்டீரியலுக்கும் புதுச்சேரி. ஐந்து பேரும் பஸ் ஏறுவது வீண். பஸ் செலவும் சாப்பாடும் சேர்ந்து, நேரு வீதியில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். எட்டு வயதுக்காரன் பதினொரு மணிக்கு ஐஸ்கிரீம் கேட்பான், பன்னிரண்டு மணிக்குத் தூங்குவான். அம்மாவும் மகளும் மட்டும், அக்டோபர் முதல் வாரத்தில் மகளுக்குப் பள்ளி இல்லாத ஏதாவது ஒரு வேலை நாளில், காலை பத்தரைக்குக் கடை வாசலில் நின்றால் விற்பனையாளர் நிதானமாக எடுத்துப் போடுவார்.

சேலைப் பிரிவில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, “என்ன ரேஞ்சுலம்மா பாக்குறீங்க?” இதற்குச் சொல்லும் பதிலில்தான் பட்ஜெட் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. “காட்டுங்க பாக்கலாம்” என்றால் முதலில் விரிவது ரூ.2,500 சேலை, அதைப் பார்த்த கண்ணுக்கு அப்புறம் 1,400 எதுவும் எடுபடாது. “ஆயிரத்து நானூறு” என்றால் 1,600-லிருந்து 1,800 வரை எடுத்துப் போடுவார். அவர் வேலை அது. “ஆயிரத்து நூறுக்குள்ள” என்று சொல்லுங்கள். 1,000-லிருந்து 1,400 வரை வரும். பிடித்ததை மூன்றாகக் குறைத்துக்கொண்டு, கடை விளக்கில் முடிவு செய்யாமல், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கக் கேட்கலாம். மஞ்சள் விளக்கின் கீழ் மெரூனாகத் தெரிந்தது வெயிலில் பழுப்பாக இருக்கும்.

இந்தக் குடும்பத்தில் அம்மாவுக்குப் பிடித்தது ரூ.1,650-க்கு வருகிறது, 250 கூடுதல். இதை விடவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் வேண்டாம். கையிருப்பு 700 இருக்கிறது. அதிலிருந்து எடுக்கலாம், ஆனால் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும், அது யாருக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்து. மூன்று பேர் ஆளுக்கு இருநூற்றைம்பது தாண்டினால் கையிருப்பு தீர்ந்து அதற்கு மேலும் போய்விடும். ஒவ்வொருவரும் தான் எடுத்தது சின்னத் தொகை என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். முதல் தவணைச் செலவு இப்போது ரூ.4,780. ஐயாயிரத்துக்குள்தான்.

பில் போடும் முன் சேலையை முழு நீளமும் பிரித்துப் பார்க்க வேண்டும். சேலை ஐந்தரை மீட்டர், பிளவுஸ் துணி 80 சென்டிமீட்டர், ஆக 6.3 மீட்டர் இருக்க வேண்டும். பிளவுஸ் துணி 70 சென்டிமீட்டராகக் குறைந்து வருவதும் உண்டு. முழங்கை வரை கை வைத்துத் தைப்பவர்களுக்கு அது போதாது; கைக்கு வேறு துணி ஒட்ட வேண்டிவரும்.

தையல்காரரிடம் கொடுப்பதற்கு முந்தின இரவு

தீபாவளி பிளவுஸ் பொங்கலுக்குள் கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் லைனிங். லைனிங் பருத்தி, முதல் தண்ணீரில் சுருங்கும். மேல் துணி பட்டு மாதிரியான சின்தெடிக் என்றால் சுருங்காது. நனைக்காமல் தைத்தால், முதல் துவைப்பில் உள்துணி சுருங்கி மேல்துணியை இழுத்து, பிளவுஸ் முழுக்கச் சுருக்கம் விழும். இஸ்திரி போட்டாலும் போகாது. அதனால் லைனிங்கை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுக்க வேண்டும். ஃபால்ஸ் துணிக்கும் இதேதான். சேலைக் கரை அடியில் நெளிநெளியாக நிற்பது ஃபால்ஸ் சுருங்கியதால். ‘நானே நனைச்சுக்கிறேன்’ என்று தையல்காரர் சொன்னாலும் பண்டிகை நெரிசலில் அது நடக்காது. வீட்டிலேயே முடித்துக் கொடுங்கள்.

பிளவுஸ் துணியை முதலில் வெட்டி எடுத்த பிறகுதான் சேலை ஃபால்ஸுக்குப் போக வேண்டும். மாற்றிச் செய்தால் ஃபால்ஸ் வெட்ட வேண்டிய இடத்தில் வந்து நிற்கும்.

அளவு விஷயத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் வழி வேறு. அம்மாவுக்கு இப்போது சரியாக இருக்கும் ஒரு பிளவுஸை அளவுக்குக் கொடுக்கலாம். துவைத்துத் துவைத்துத் தளர்ந்ததைக் கொடுத்தால் புதியதும் தளர்வாகவே வரும். மகளுக்குப் பழைய சுடிதாரை அளவுக்குக் கொடுக்கவே கூடாது. அவளை நேரில் கூட்டிப்போய் டேப் வைத்து எடுக்க வேண்டும். கூடவே, “அண்ணா, சைடுல ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் உள்ள விட்டுத் தைச்சிடுங்க, கீழ மடிப்பு ரெண்டு இஞ்ச் வைங்க” என்று சொல்ல வேண்டும். உள்ளே விடும் அந்தத் துணிக்குக் காசு ஏதும் கூடாது. அடுத்த வருஷம் ஐம்பது அறுபது ரூபாயில் பிரித்து விட்டால் அதே சுடிதார் இன்னொரு வருஷம் ஓடும். சொல்லாவிட்டால் அரை இஞ்ச்தான் இருக்கும், மிச்சம் வெட்டுத்துணியாகக் குப்பைக்குப் போகும்.

நோட்டில் எழுதும் டெலிவரி தேதி நவம்பர் 7 என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். நவம்பர் 1, ஞாயிறு என்று எழுதச் சொல்லுங்கள். எப்படியும் இரண்டு நாள் தள்ளும்; தள்ளினாலும் சரிசெய்ய நாள் இருக்கும்.

போனஸ் வாரம்

அக்டோபர் 25, ஞாயிறு. போனஸ் வந்துவிட்டால் அன்றே ரெடிமேடை முடித்துவிட வேண்டும். பையன்களின் 28, 30 சைஸ்தான் எல்லாக் கடையிலும் முதலில் காலியாகும். கடைசி வாரத்தில் மிஞ்சுவது யாரும் எடுக்காத நிறம், அல்லது இரண்டு சைஸ் பெரியது.

மகனின் பண்டிகைத் துணி கடலூரிலேயே, போட்டுப் பார்க்க இடம் உள்ள கடையில். லேபிளில் 7-8 வயது என்று இருப்பதை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சட்டையைப் போட்டுக் கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், பேன்ட்டோடு குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள். தோள் தையல் அரை இஞ்ச் வெளியே விழுந்தால் வளர்வதற்கு இடம். ஒன்றரை இஞ்ச் விழுந்தால் அப்பா சட்டை. பேன்ட் இடுப்பில் உள்பக்கம் பட்டன் போட்ட எலாஸ்டிக் இருக்கிறதா பாருங்கள். நீளத்தை வெட்டாமல் மடித்துத் தைத்துக்கொண்டால் பின்னால் இறக்கிவிடலாம், அதற்கு ரூ.60.

அவனுடைய டீ-ஷர்ட், டவுசர், மகளின் லெகிங்ஸ் இவற்றுக்குப் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தை மலிவு. அங்கே போட்டுப் பார்க்க முடியாது, திரும்பக் கொடுக்கவும் முடியாது. அவனுக்குச் சரியாக இருக்கும் பழைய டவுசர் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டுபோய் மேலே வைத்து அளக்க வேண்டும். இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் டக்கென்று திரும்ப வேண்டும். தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தால் நூல் பிரிந்து வெளிச்சம் தெரிவதைத் தவிர்த்துவிடலாம். அடர் சிவப்பும் கருநீலமும் என்றால் கைக்குட்டையை நனைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரம் இது. மழை பெய்தால் நடைபாதைக் கடை பாதி இருக்காது, இருப்பதும் ஈரமாக இருக்கும். அந்த ஞாயிறு மழையென்றால் இந்த 350-ஐக் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலேயே முடித்துவிடலாம்; நூறு ரூபாய் கூடும், அவ்வளவுதான்.

‘மூன்று சட்டை ரூ.1,500’ என்ற போர்டு அப்பாவை நிறுத்தும். சட்டைக்கு ஐந்நூறுதானே என்று தோன்றும். அவர் பங்கில் சட்டைக்கு இருப்பது 950, வேண்டியது ஒன்று. மூன்று எடுத்தால் 550 கூடுதல். கையிருப்பு ஏற்கெனவே 450-ஆக இறங்கி நிற்கிறது. மலிவு என்பது உண்மைதான், ஆனால் அந்த மலிவுக்குக் காசு மகனின் பேன்ட்டிலிருந்து வரும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் கூப்பன் என்பதும் இப்படித்தான்: இரு நூறு ரூபாய்க் கூப்பனுக்காக ஐந்நூறு ரூபாய்க்கு வேண்டாததை எடுக்க வைக்கும். இந்த மாதிரிப் பொருளை ஆடித் தள்ளுபடியில் எடுப்பது சரி. வளராத ஆட்களின் சட்டை, லுங்கி, உள்பாவாடை இவற்றை ஜூலையில் எடுத்து வைத்தால் கெடாது. பிள்ளைகள் துணியை மட்டும் ஆடியில் எடுக்க வேண்டாம். மூன்று மாதத்தில் கால் நீண்டுவிடும்.

கணக்கு இப்படி முடிகிறது. அம்மாவின் சேலையில் 250 கூடுதல், மகனின் பேன்ட் மடிப்புக்கு 60 கூடுதல். மகளின் குர்த்தி, லெகிங்ஸ் 880-க்கு வந்ததில் 70 மிச்சம். சந்தையில் டீ-ஷர்ட்டும் டவுசரும் 250-க்கு முடிந்ததில் 100 மிச்சம். அப்பாவின் சட்டை 899, அதில் 51 மிச்சம். எல்லாம் கழித்துக் கூட்டினால் கையிருப்பிலிருந்து போனது ரூ.89, மிஞ்சி இருப்பது ரூ.611.

அதை நவம்பர் 1 வரை தொடாமல் வைத்திருக்க வேண்டும். அன்று தையல்காரரிடம் துணியை மடித்து வாங்கிப் பையில் போட்டு வருவதற்குப் பதில், வீட்டுக்குப் போனதும் உடனே போட்டுப் பார்க்க வேண்டும். பிளவுஸில் கொக்கி போட்ட பின் கையை முன்னால் நீட்டினால் முதுகு இழுக்கக் கூடாது. கழுத்து தோளிலிருந்து வழியக் கூடாது. மகளின் சுடிதாரில் உள்ளே ஒன்றரை இஞ்ச் விட்டிருக்கிறாரா என்று பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது இருந்தால் மறுநாள் காலை, கடை திறந்ததும் கொண்டுபோனால் நின்ற நிலையிலேயே பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். வியாழக்கிழமைக்கு மேல் போனால், “தீபாவளி முடிஞ்சு எடுத்துட்டு வாங்கக்கா” என்றுதான் பதில் வரும்.